பெய்டன் ஸ்கோர் 6, மூன்று முறை நழுவிய தோள்: இது எஹ்லர்ஸ்-டான்லோஸா, அடுத்து என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 22 வயது, பெண். ஒன்றரை வருடத்தில் இடது தோள் மூன்று தடவை அடிபடாமலேயே நழுவிவிட்டது. கடைசியாக, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றபோது. ஒரு வருடமாக இரண்டு முழங்காலும் தினமும் வலிக்கின்றன. டாக்டர் வளைத்துப் பார்த்து பெய்டன் ஸ்கோர் 9க்கு 6 என்றார். தோல் மெத்தென்று இருக்கும், பல் நெருக்கம் உண்டு, நின்றால் குதிகால்களில் சின்ன வெள்ளைக் கட்டிகள் தெரியும், இடுப்பில் வரித்தழும்பு இருக்கிறது. அம்மாவுக்கும் கை நன்றாக வளையும். எனக்கு எஹ்லர்ஸ்-டான்லோஸ் நோயா? யோகா, ஜிம் இரண்டுமே வலியைக் கூட்டிவிட்டன. என்ன செய்வது?

அந்த 6 எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மூட்டுகள் எவ்வளவு வளைகின்றன என்று அளக்கும் பெய்டன் ஸ்கோரில் ஐந்தே சோதனைகள். முன்கையை மேசையில் படுக்க வைத்துச் சுண்டுவிரலைப் பின்னால் வளைத்தால் 90 டிகிரியைத் தாண்ட வேண்டும். கட்டைவிரலை மடக்கினால் முன்கையின் உட்புறத்தைத் தொட வேண்டும். முழங்கை நேர்கோட்டைத் தாண்டி 10 டிகிரிக்கு மேல் பின்னால் போக வேண்டும். முழங்காலும் அப்படியே. இந்த நான்குக்கும் வலம், இடம் என்று ஒவ்வொரு மதிப்பெண், ஆக எட்டு. முட்டி மடங்காமல் குனிந்து உள்ளங்கை முழுதும் தரையில் பதிந்தால் ஒன்பதாவது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சுண்டுவிரல் இரண்டு, கட்டைவிரல் இரண்டு, முழங்கை இரண்டு என்று 6 மதிப்பெண்ணும் கையிலேயே கிடைத்துவிடும். உங்களைத் தொல்லைப்படுத்தும் தோள் இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. இடுப்பு, கணுக்கால், கழுத்து எதுவும் இல்லை. 1964ல் கார்ட்டரும் வில்கின்சனும் போட்ட பட்டியலை 1969ல் பெய்டனும் ஹோரனும் திருத்தினார்கள். 1973ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு கிராமப்புற மக்களிடம் கணக்கெடுப்பு நடத்தியபோது இன்றைய வடிவம் பரவலானது. நிறைய பேரை வரிசையில் நிற்க வைத்து, யார் மூட்டு நெகிழ்வானது என்று விரைவாகப் பிரிக்க உருவான கருவி அது. நெகிழ்வு இருக்கிறதா என்பதை அது சொல்லும். எந்த மூட்டு நழுவும், எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்ல அது செய்யப்படவில்லை. 9 வாங்கி ஒரு வலியும் இல்லாமல் பரதம் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். 4 வாங்கி, தோளை நம்பி ஒரு குடத்தைத் தூக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

அளக்கும் விதத்திலும் பிழை வரும். முழங்கை, முழங்காலுக்குக் கோணமானி வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 8 டிகிரியும் 12 டிகிரியும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். சிறுவயதிலிருந்து நடனமோ ஜிம்னாஸ்டிக்ஸோ பயின்றவருக்குக் குனியும் சோதனை பயிற்சியாலேயே கிடைத்துவிடும். மறுபக்கம், தொடையின் பின்சதை இறுகியவருக்கு உண்மையான நெகிழ்வு இருந்தும் அந்த ஒரு மதிப்பெண் போய்விடும். வயதாக ஆக எல்லாருக்கும் ஸ்கோர் குறையும். அதனால் 2017ல் சர்வதேச நிபுணர் குழு வயதுக்கேற்ற எல்லைகளை வைத்தது: பருவம் எய்தாத பிள்ளைகளுக்கு 6, அதன் பிறகு 50 வயது வரை 5, 50க்கு மேல் 4. எல்லைக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தால், ‘முன்பு எப்போதாவது உள்ளங்கை தரையைத் தொட்டதா, சிறு வயதில் உடம்பை வளைத்து வேடிக்கை காட்டினீர்களா, தோளோ முட்டிச் சில்லோ ஒரு முறைக்கு மேல் விலகியதா’ என்பது போன்ற ஐந்து கேள்விகள் கேட்பார்கள். இரண்டுக்கு ‘ஆமாம்’ வந்தால் போதும். உங்களுக்கு அது தேவையில்லை. 22 வயதுக்கு எல்லை 5, நீங்கள் 6. உடல் முழுக்க மூட்டு நெகிழ்வு உண்டு என்பது உறுதி.

அடுத்தது நோயின் பெயர். எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்பது ஒரே நோய் இல்லை, உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மரபு நோய்களின் தொகுப்பு. 2017 வகைப்பாட்டில் 13 வகைகள் இருந்தன, பின்னர் இன்னொன்று சேர்ந்தது. மற்ற வகைகளுக்கெல்லாம் மரபணு தெரியும். மிகப் பரவலான நெகிழ்மூட்டு வகைக்கு மட்டும் இன்றுவரை உறுதியான மரபணு கிடைக்கவில்லை. ஆகவே எந்த ரத்தப் பரிசோதனையும் ‘ஆமாம், இது நெகிழ்மூட்டு வகை’ என்று சொல்ல முடியாது. மரபணுப் பரிசோதனை மற்ற வகைகளை விலக்கத்தான் பயன்படும். நெகிழ்மூட்டு வகையை மூன்று படிகள் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

முதல் படி நெகிழ்வு. அதைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டாவது படிக்குள் அ, ஆ, இ என்று மூன்று பிரிவுகள், அவற்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். மூன்றாவது படியில், தோல் வழக்கத்துக்கு மாறாக எளிதில் கிழியக்கூடாது; முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களும் மற்ற மரபு நோய்களும் விலக்கப்பட வேண்டும்.

இரண்டாவது படியை உங்கள் விவரங்களோடு நடந்து பார்க்கலாம். ‘இ’ பிரிவு மூட்டைப் பற்றியது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கைகால்களில் மூன்று மாதமாவது தினமும் வலி இருந்தால் அது நிறைவேறும். இரண்டு முழங்காலும் ஒரு வருடமாகத் தினமும் வலிக்கின்றன என்பதால், உங்களுக்கு அந்த ஒரு காரணமே போதும். தோள் மூன்று முறை நழுவியதும் கணக்கில் வரலாம். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: அடிபடாமல் ஒரே மூட்டு மூன்று முறை முழுதாக விலகியிருக்க வேண்டும். பாதி நழுவித் தானே உள்ளே போனதை முழு விலகலாக எழுதிவிடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் யாராவது உள்ளே தள்ள வேண்டியிருந்ததா, எக்ஸ்ரே இருக்கிறதா என்று குறித்து வையுங்கள்.

‘ஆ’ பிரிவு குடும்பம். அம்மாவுக்குக் கை வளையும் என்பது மட்டும் இங்கே செல்லாது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு இதே மூன்று படிகளும் தனியாக நிறைவேறியிருக்க வேண்டும். அம்மாவை யாரும் அப்படிப் பரிசோதிக்காத வரை இந்தப் பிரிவு காலிதான்.

எல்லாம் ‘அ’ பிரிவில்தான் நிற்கிறது. பன்னிரண்டு அடையாளங்கள், அவற்றில் ஐந்து வேண்டும். மெத்தென்ற தோல் ஒன்று. இரண்டு குதிகாலிலும் நிற்கும்போது பிதுங்கும் வெள்ளைக் கட்டிகள் இரண்டு. வரித்தழும்பு, உடல் எடை ஏறி இறங்கியதால் வந்தது இல்லையென்றால், மூன்று. பல் நெருக்கத்தோடு மேலண்ணம் உயர்ந்தோ குறுகியோ இருந்தால்தான் நான்கு. பல் நெருக்கம் தனியாகக் கணக்கில் வராது. ஆக, அதிகபட்சம் நான்கு. மீதியில் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. சுவரில் சாய்ந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து, அதை உயரத்தால் வகுத்தால் 1.05 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். 160 செ.மீ. உயரம் என்றால் 168 செ.மீ. கைவீச்சு. ஒரு கை மணிக்கட்டை மறு கையின் கட்டைவிரலும் சுண்டுவிரலும் சுற்றிப் பிடித்தால் நகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், அதுவும் இரு பக்கமும். அதிகம் புழங்காத கையின் முன்கை உட்புறத் தோலைத் தூக்கினால் 1.5 செ.மீ.க்கு மேல் வர வேண்டும். மற்றவை டாக்டர் பார்க்க வேண்டியவை: மெலிந்த பழைய தழும்புகள், குடலிறக்கம், கருப்பை இறக்கம், எக்கோவில் தெரியும் மிட்ரல் வால்வுப் பிதுக்கமும் பெருந்தமனி வேரின் விரிவும்.

முதலில் சொன்ன நான்கும் கணக்கில் வந்து, இவற்றில் ஏதோ ஒன்றும் தேறினால் உங்கள் ‘அ’ ஐந்தாகிவிடும், ‘இ’யோடு சேர்ந்து நெகிழ்மூட்டு எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்ற பெயர் வரும். தேறாவிட்டால் அதே உடம்புக்கு ‘நெகிழ்மூட்டு நிறமாலைக் கோளாறு’ என்று பெயர் எழுதுவார்கள். முன்கைத் தோல் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் நீள்வதாலோ நீளாததாலோ உங்கள் தோளுக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் மாறப்போவதில்லை. இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றே. முழுப் பெயர் கிடைக்கவில்லையே என்று பலர் ஊர் ஊராக அலைவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அந்த மாதங்களைப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தால் தோள் பாதி நிலைத்திருக்கும்.

பெயர் உண்மையிலேயே முக்கியமாகும் இடம் வேறு. தோல் மிக மெல்லியதாக இருந்து மார்பில் ரத்தநாளக் கோடுகள் துல்லியமாகத் தெரிவது, காரணமில்லாமல் பெரிய ரத்தக்கட்டுகள், குடும்பத்தில் 40 வயதுக்குள் திடீர் மரணம், ரத்தக்குழாய் கிழிந்தது, குடல் தானாக ஓட்டையானது ஆகியவை ரத்தக்குழாய் வகையைக் குறிக்கும். அந்த வகையில் மூட்டு நெகிழ்வு பெரும்பாலும் விரல்களோடு நின்றுவிடும், பெய்டன் ஸ்கோர் குறைவாகவே வரலாம். குறைந்த ஸ்கோரைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவது அங்கே ஆபத்து. ரொம்ப உயரம், நீண்ட விரல்கள், குழிந்த அல்லது கூர்த்த மார்பு, கண் லென்ஸ் விலகல் என்றால் மார்ஃபன் என்ற மரபு நோயாக இருக்கலாம். உள்நாக்கு பிளந்திருந்தால் லோயிஸ்-டீட்ஸ் என்ற இன்னொரு மரபு நோயாக இருக்கலாம். இவற்றில் ஒன்று சந்தேகமானாலும் மரபியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் விவரங்களில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரு தடவை எக்கோ எடுத்துவிடுங்கள். தைராய்டு, வைட்டமின் டி, முடக்குவாதப் பரிசோதனை ஆகியவற்றையும் மூட்டுவாத நிபுணர் கேட்பார்; கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இனி தோள். தோளின் கிண்ணம் ஆழமில்லாதது, ஒரு தட்டில் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி. பந்தை இடத்தில் வைத்திருப்பவை மூன்று: சுற்றியுள்ள மூட்டுறையும் தசைநார்களும், மூட்டை ஒட்டிய நான்கு சிறு தசைகள், அடியில் தட்டைப் பிடித்திருக்கும் தோள்பட்டை எலும்பின் தசைகள். உங்களிடம் முதலாவது தளர்வு. அதை இறுக்க மாத்திரையோ உணவோ கிடையாது, கொலாஜன் பொடியும் இதைச் செய்யாது. அந்த வேலையை மற்ற இரண்டுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் சிகிச்சை. பஸ் கம்பியைப் பிடித்தபோது கை தலைக்கு மேலே, வெளிப்பக்கம் திரும்பி, முழு எடையில் தொங்கியது. தளர்ந்த மூட்டுறையின் கடைசி எல்லை அதுதான். அங்கே தசை விழித்திருக்காவிட்டால் பந்து முன்னால் வழுகும். இனி சீட்டின் பின்கம்பியையோ நடுக் கம்பத்தையோ மார்பு உயரத்தில் பிடியுங்கள். தலைப் பின்னல் போடும்போது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். தூங்கும்போது கையைத் தலைக்கு மேல் வைக்காமல், முன்கையின் கீழ் ஒரு தலையணை வையுங்கள்.

ஆர்த்தோ டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ தோளை மூன்று திசைகளிலும் சோதிக்கச் சொல்லுங்கள். கையைக் கீழ்நோக்கி மெல்ல இழுக்கும்போது தோள் முனைக்குக் கீழே பள்ளம் விழுகிறதா, எத்தனை செ.மீ. என்று பார்ப்பார்கள். பல திசைகளிலும் தளர்வு என்றால் உங்கள் பாதை பயிற்சிதான். அறுவை சிகிச்சையை ஆறு மாத முறையான பயிற்சிக்குப் பிறகுதான் யோசிக்க வேண்டும். அடிபட்டு நழுவிய தோளில் நல்ல பலன் தரும் மூட்டுறை இறுக்கும் அறுவை, இழுவைத் தன்மையுள்ள உடம்பில் மெல்ல மெல்லத் திரும்பவும் தளர்ந்துவிடக்கூடும், ஏனென்றால் தைத்து இறுக்குவதும் அதே திசுவைத்தான்.

ஜிம்மும் யோகாவும் ஏன் வலியைக் கூட்டின? இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைக்கிறேன். யோகாவில் உங்களுக்கு எளிதாக வருவது கடைசி எல்லைதான், அங்கே தொங்குவதால் தசைக்கு எந்த வேலையும் இல்லை. பின்னே கழுத்தும் தோளும் ஏன் இறுகிக் கிடக்கின்றன என்றால், தளர்ந்த மூட்டைப் பிடித்து வைக்க அந்தத் தசைகள் நாள் முழுதும் பாடுபடுகின்றன. அதை இழுத்து நீட்டினால் அரைமணி நேரம் சுகம், அப்புறம் வலி கூடும், ஏனென்றால் பாதுகாவலை நீங்களே கலைத்துவிட்டீர்கள். ஜிம்மிலோ முதல் நாளே தலைக்கு மேல் எடை தூக்கச் சொல்லியிருப்பார்கள். அடித்தளமில்லாத தோளுக்கு அது பஸ் கம்பிதான், இன்னும் கனமாக.

பயிற்சியைத் தோள்பட்டை எலும்பிலிருந்து தொடங்க வேண்டும். ‘தோளைக் கீழே இறக்கு, பின்னால் இழு’ என்று எல்லாருக்கும் ஒரே அறிவுரை கொடுப்பது வழக்கம். உங்களைப்போன்ற பலருக்கு அது தவறான திசை. பல திசைத் தளர்வில் தோள்பட்டை எலும்பு ஏற்கெனவே கீழே சரிந்து தொங்குகிறது. தட்டு கீழ்நோக்கிச் சாய்ந்தால் பந்து இன்னும் எளிதாக வழுகும். கண்ணாடி முன் நின்று இரண்டு தோளையும் பாருங்கள். இடது தாழ்ந்திருந்தால், கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தோள் முனையை ஓரிரண்டு செ.மீ. மட்டும் மேலே, சற்று முன்னே உயர்த்துங்கள். காதுவரை தூக்கக்கூடாது. அந்த நிலையில் கையை முன்னால் தூக்கிப் பார்க்கும்போது வலியோ ‘டக்’ சத்தமோ குறைந்தால் அதுதான் உங்கள் திசை. குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்ட் வேறு திசையில் தேடுவார். ஆஸ்திரேலியாவில் வாட்சன் உருவாக்கிய பயிற்சிமுறையின் கரு இதுதான். அதைப் பழைய பொதுப் பயிற்சியோடு ஒப்பிட்ட ஆய்வில் இந்த முறைக்கே பலன் அதிகமாக இருந்தது.

முதல் இரண்டு மூன்று வாரம் இவ்வளவுதான்: அந்த உயர்ந்த நிலையில் 10 விநாடி பிடித்தல், 10 முறை, காலை மாலை. கூடவே, முழங்கையை 90 டிகிரி மடக்கி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே சுருட்டிய துண்டு வைத்து, புறங்கையைக் கதவு நிலையில் அழுத்துதல். முழு பலத்தில் கால்பங்கு போதும், 10 விநாடி, 10 முறை. கை அசையாது, ஆனால் மூட்டை ஒட்டிய தசை வேலை செய்யும். மூன்றாவது, மார்பு உயரத்தில் இரு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, உடல் எடையை வலம் இடம் மாற்றுதல். இங்கே முழங்கையைப் பூட்டாதீர்கள். பின்னால் வளையும் முழங்கைக்கு நேராக இருப்பது எது என்றே தெரியாது, அதனால் கண்ணாடி அவசியம். லேசாக மடங்கியிருப்பதாக உங்களுக்குத் தோன்றும்போதுதான் அது உண்மையில் நேராக இருக்கும்.

பிறகு ரப்பர் பட்டை: முன்கையை வெளியே திருப்புதல், பின்னால் இழுத்தல். முழங்கை விலாவை விட்டுப் போகக்கூடாது. 15 முறை வீதம் மூன்று சுற்று சுத்தமாக வந்த பிறகே அடுத்த பட்டை, அல்லது அரை கிலோ எடை. ஆறாவது வாரத்துக்குப் பிறகு கையைத் தோள் உயரம் வரை கொண்டுபோகலாம், தலைக்கு மேலே கடைசியில்தான். அதற்குப் பிறகு கனம் ஏற்றுவதற்குப் பயப்பட வேண்டாம். நெகிழ் தோள் உள்ள 100 பேரை வைத்து டென்மார்க்கில் 16 வாரம் நடந்த ஒரு ஆய்வு 2022ல் வெளியானது. வாரம் மூன்று நாள் கனமான எடையில் பயிற்சி செய்தவர்களின் தோள், லேசான எடையில் செய்தவர்களைவிட நன்றாகத் தேறியது. தசை வலியும் தலைவலியும் சற்று அதிகம் வந்தன, நிலைக்கவில்லை. ‘உங்களுக்கு நெகிழ்வு இருக்கிறது, எடையே தொடக்கூடாது’ என்பது பழைய பயம். ஆனால் அவர்கள் மேற்பார்வையில் படிப்படியாக ஏற்றினார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

அளவு மீறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? மறுநாள் சதையில் உளைச்சல் இருந்து, அதற்கடுத்த நாள் தணிந்தால் சரிதான். வலி மூட்டுக்குள்ளே ஆழமாக, 24 மணி நேரம் தாண்டியும், பத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் கூடியே இருந்தால் ஒரு படி பின்னே போங்கள், நிறுத்த வேண்டாம். பயிற்சியின்போதே ‘டக்’ என்று நகர்ந்தாலோ கை மரத்தாலோ அந்த அசைவை மட்டும் விட்டுவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

முழங்காலுக்குச் சுருக்கமாக: நிற்கும்போது முட்டியைப் பின்னால் பூட்டி எலும்பின்மேல் தொங்கும் பழக்கம்தான் முதல் எதிரி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் மெல்ல எழுந்து, முழுதாகப் பூட்டும் முன் நிறுத்தி, மூன்று எண்ணி உட்காருங்கள். 8 முதல் 10 முறை, மூன்று சுற்று. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சி இடுப்பின் பக்கத் தசைக்கு. முட்டி உள்ளே விழாமல் பிடிப்பது அந்தத் தசைதான்.

தோள் மறுபடி நழுவினால்? உடனே உட்காருங்கள். முன்கையை மடியில் தலையணைமேல் தாங்கி, மூச்சை நீளமாக விடுங்கள். பயத்தில் தசை இறுகும்போது பந்து வெளியே மாட்டிக்கொள்கிறது. தளர்ந்தால் பல நேரம் தானே உள்ளே போகும். அக்கம்பக்கத்தில் யாரையும் இழுக்க விடாதீர்கள். சுளுக்கு எடுப்பவரிடமோ எலும்புக் கட்டுக்காரரிடமோ போய்க் கையை வெடுக்கென்று இழுத்தால், தோளைச் சுற்றி ஓடும் நரம்பு நசுங்கும் ஆபத்து உண்டு. உள்ளே போகவில்லை, விரல் மரத்தது, கை சில்லிட்டது, அல்லது இம்முறை விழுந்து அடிபட்டது என்றால் நேராக அவசரப் பிரிவு. உள்ளே போன பிறகும் மேற்கையின் வெளிப்புறத்தில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். தூளிக்கட்டு இரண்டு மூன்று நாள் போதும். மூன்று வாரம் கட்டிப்போட்டால், நீங்கள் கட்டியெழுப்பிய தசை போய்விடும். தோழிகளுக்குத் தோளை வேண்டுமென்றே நழுவ விட்டுக் காட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஒவ்வொரு தடவையும் மூட்டுறை இன்னும் கொஞ்சம் நீள்கிறது, மூளையும் அந்த வழியைப் பழகிக்கொள்கிறது.

வலிக்கு மருந்து சொல்லும் முன் எந்த வலி என்று பிரிக்க வேண்டும். நழுவிய அன்று வரும் வலிக்கு ஒன்று, இறுகிய சதையின் வலிக்கு ஒன்று, நரம்பு மண்டலமே உஷாராகி, தொட்டாலே வலிக்கும் பரவலான வலிக்கு ஒன்று. முதலாவதுக்கு பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். டைக்ளோஃபெனாக் ஜெல் பூசலாம். ஐப்யூப்ரோஃபென் வகை மாத்திரை வேண்டுமென்றால் சாப்பிட்ட பிறகு, சில நாள்களுக்கு மட்டும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கூடாது. இரண்டாவதுக்கு வெந்நீர்ப் பை 15 நிமிடம், மென்மையான பந்தைச் சுவருக்கும் சதைக்கும் நடுவே வைத்து உருட்டுதல். தசை தளர்த்தி மாத்திரையை இங்கே எளிதாக எழுதிவிடுவார்கள். உங்கள் மூட்டைப் பிடித்திருப்பது அந்த இறுகிய தசைதான் என்பதால், அதைத் தளர்த்தினால் நழுவல் கூடலாம். இதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது வகைக்குச் சாதாரண வலி மாத்திரை அநேகமாக வேலை செய்யாது. இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின், அல்லது 30 மி.கி.யில் தொடங்கும் டுலாக்ஸெட்டின் ஆகியவற்றை டாக்டர் பரிசீலிப்பார். எழுந்து நின்றால் படபடப்பும் தலைசுற்றலும் உண்டென்றால் அதை முதலில் சொல்ல வேண்டும். படுத்த நிலையிலிருந்து எழுந்து பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30க்கு மேல் கூடி, ரத்த அழுத்தம் இறங்காமல் இருந்தால் அது தனிக் கோளாறு. நெகிழ்மூட்டுக்காரர்களிடம் அடிக்கடி கூடவே இருக்கும், அமிட்ரிப்டிலின் அதைக் கூட்டிவிடலாம். டிராமடால் போன்றவற்றைத் தொடர்ந்து எடுக்காதீர்கள். நாள்பட்ட வலியில் பலன் மங்கி, பழக்கம்தான் மிஞ்சும். டுலாக்ஸெட்டினோடு சேர்ந்தால் ஆபத்தும் உண்டு. தோளுக்குள் திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு ஊசி போடுவதும் ஏற்கெனவே மெலிந்த திசுவை இன்னும் மெலிய வைக்கும். பல் மருத்துவரிடம் போகும்போது, மரப்பு ஊசி உங்களைப்போன்ற சிலருக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும் அல்லது சரியாகப் பிடிக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்தைவிட அதிகம் உதவுவது வேலையைப் பிரித்துச் செய்வது. நன்றாக இருக்கும் ஒரு நாளில் துணி துவைத்து, வீடு கூட்டி, கடைக்கும் போய்விட்டு மூன்று நாள் படுத்துக்கிடப்பது இந்த உடம்புக்காரர்களின் வழக்கம். ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்: நின்று செய்யும் வேலையை எத்தனை நிமிடத்தில் வலி கூடி நிறுத்துகிறீர்கள்? சராசரி 20 நிமிடம் என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 15 நிமிடத்தில் உட்காருங்கள். வாரத்துக்கு ஒன்றரை நிமிடம் மட்டும் கூட்டுங்கள். மந்தமாகத் தோன்றும். ஆனால் நல்ல நாளில் 15ஐத் தாண்டாமல் இருப்பதுதான் கடினமான பகுதி, பலன் வருவதும் அங்கேதான்.

பயிற்சியின் பலனை அளக்கப் பெய்டன் ஸ்கோரை மறுபடி எடுக்காதீர்கள். நான்கு மாதம் கழித்தும் அது 6 ஆகத்தான் இருக்கும். பதிலாக மூன்றைக் குறித்து வையுங்கள்: மாதத்தில் எத்தனை முறை தோள் நழுவியது அல்லது நழுவப் பார்த்தது, தோள் உயரத்தில் எத்தனை கிலோவைப் பத்து முறை தூக்க முடிகிறது, இரவில் தோள் வலியால் எத்தனை முறை விழித்தீர்கள். பன்னிரண்டாவது வாரத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட முன்னேறவில்லை என்றால், தோள்பட்டையின் திசையைத் தப்பாகப் பிடித்திருக்கலாம். அந்தக் குறிப்போடு, தோள் தளர்வில் பழக்கமுள்ள வேறொரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.